செக் ரிட்டர்ன் ஆனால் வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொத்த வியாபாரம் செய்யும் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பருப்பு, எண்ணெய், மசாலாச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் செக் கொடுப்பார்கள். மாதத்தில் ஒன்றிரண்டு திரும்பி வரும். அப்போது முதலாளிகள் எழுதச் சொல்லும் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "தங்கள் செக் பவுன்ஸ் ஆகிவிட்டது. ரூ. 62,500 உடனே கட்டவும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்." இதைப் படிப்பவருக்கு எந்த செக், ஏன் திரும்பியது, 62,500 எப்படி வந்தது, இனி என்ன செய்யலாம் என எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் திருத்தும்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்டவை கீழே உள்ளன.

செக் திரும்பிடுச்சுன்னு போன்லயே சொல்லிட்டேன். கடிதம் வேற எதுக்கு?

போனில் சொல்வது நல்லதுதான், முதலில் அதைச் செய்யுங்கள். பல நேரம் அவருக்கே விஷயம் தெரிந்திருக்காது. ஆனால் போனில் பேசியதை இரண்டு பேரும் இரண்டு விதமாக நினைவு வைத்திருப்பார்கள். "பதினஞ்சாம் தேதிக்கு மேல போடுங்க" என்று அவர் சொன்னதாக அவரும், "பதினஞ்சாம் தேதி போடுங்க" என்று கேட்டதாக நீங்களும் சொல்வீர்கள். ஒரு நாள் முன்னால் போட்டாலும் செக் இரண்டாம் முறை திரும்பும்.

இன்னொரு காரணம் நாள் கணக்கு. பின்னால் வழக்குப் போட வேண்டி வந்தால், செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் பணம் கேட்டிருக்க வேண்டும் என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு சொல்கிறது. "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று போனிலேயே அந்த 30 நாளும் போய்விடும். செக் ஏன் திரும்பியது என்று வங்கி தரும் ரிட்டர்ன் மெமோ வந்த மறுநாளே முதல் கடிதத்தை அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

"கணக்கில் பணம் இல்லை"ன்னு எழுதினா கோவிச்சுக்குவாரு. "சில காரணங்களால்"னு போட்டுக்கலாமா?

வேண்டாம். மெமோவில் வங்கி என்ன காரணம் காட்டியிருக்கிறதோ, அதை அப்படியே எழுதி, பக்கத்தில் எளிய தமிழில் பொருள் சொல்லுங்கள். 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்' என்று அச்சாகியிருந்தால், "ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட், அதாவது கணக்கில் போதிய பணம் இல்லை, என்று வங்கி குறித்திருக்கிறது" என்று எழுதலாம். சொல்வது வங்கி. நீங்கள் அதை எடுத்துக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். மனதைப் புண்படுத்துவது வங்கி காட்டிய காரணம் அல்ல, அதோடு நாம் ஒட்டும் சொற்கள்தான். "பணமே இல்லாமல் செக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறீர்கள்" என்று எழுதினால் அது உங்கள் குற்றச்சாட்டு. அவருக்கு வரவேண்டிய பணம் ஒரு நாள் தாமதமாகியிருக்கலாம்.

"சில காரணங்களால்" என்று மழுப்பினால் அவர் எதைச் சரிசெய்வது? பணம் குறைவு என்றால் கணக்கில் பணம் போட வேண்டும். கையெழுத்து மாறுபாடு என்றால் எவ்வளவு பணம் இருந்தாலும் அதே செக் மறுபடியும் திரும்பத்தான் செய்யும். மெமோவின் நகலைக் கடிதத்தோடு வைத்துவிடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

மெமோல கையெழுத்து வித்தியாசம்னு வந்திருக்கு. கையெழுத்தைத் திருத்தி வாங்கி அதே செக்கைப் போடலாமா?

திருத்தக் கூடாது. இப்போது செக்குகள் படமாக எடுக்கப்பட்டு கிளியரிங்கிற்குப் போகின்றன. செல்லுபடியாகும் காலத்தை நீட்டத் தேதியில் செய்யும் திருத்தம் தவிர வேறு திருத்தம் உள்ள செக்கை அந்த முறையில் ஏற்க மாட்டார்கள். கூட்டு நிறுவனமாக இருந்தால் கையெழுத்துக்கு மேல் முத்திரை விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு பேர் போட வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் போட்டிருப்பார். இந்த மாதிரிக் காரணங்களுக்கு மறுபடி போடும் வாய்ப்பைக் கடிதத்தில் கொடுக்காதீர்கள். புது செக் கொடுங்கள், அல்லது நேராகக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று மட்டும் கேளுங்கள். பழைய செக்கைப் பணம் வரவாகும்வரை திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

கணக்கு மூடப்பட்டது, பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்று வந்தாலும் இதேதான். பணக்குறைவு மட்டுமல்ல, கையெழுத்து மாறுபாடு, நிறுத்தச் சொன்னது போன்றவையும் 138-க்குள் வரலாம் என்று லக்ஷ்மி டைகெம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லியிருக்கிறது. அதனால் "கையெழுத்துதானே" என்று நாளைத் தள்ளிப் போடாதீர்கள்.

மறுபடி போடுறதைப் பத்தி எப்படி எழுதுறது? "விரைவில் மீண்டும் போடப்படும்"னு எழுதியிருக்கேன்.

அந்த வரிதான் சண்டைக்கு விதை. "விரைவில்" என்றால் என்றைக்கு? அவர் இருபதாம் தேதி பணம் கட்டலாம் என்று இருப்பார், நீங்கள் பன்னிரண்டில் போட்டுவிடுவீர்கள். செக் திரும்பினால் உங்கள் வங்கி உங்களிடம் பிடிக்கும், அவருடைய வங்கி அவரிடம் அதைவிட அதிகம் பிடிக்கும். இரண்டு பேருக்கும் நஷ்டம்.

மூன்று விஷயம் எழுதினால் போதும்: எந்தத் தேதியில் போடுவீர்கள், அதற்கு முன் எந்தத் தேதிக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும், பதிலே வராவிட்டால் என்ன செய்வீர்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பதில் வராவிட்டால் போட்டுவிடுவதா, போடாமல் வைத்திருப்பதா என்பது உங்கள் விருப்பம். நான் போடாமல் இருப்பதையே சொல்வேன். பேசாமல் இருப்பவர் கணக்கில் பணம் வந்திருக்கும் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை.

எத்தனை தடவை வேணும்னாலும் போடலாமா?

செக்கில் எழுதியிருக்கும் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் எத்தனை முறையும் போடலாம். முன்பு ஆறு மாதமாக இருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் புது மெமோ வரும், முதல் பதிலில் சொன்ன 30 நாள் அந்த மெமோவிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

ஒருமுறை பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போடாமல் விட்டுவிட்டால், அதே செக்கை மறுபடி போட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று 1998 முதல் ஒரு தீர்ப்பு இருந்தது. எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் எதிர் எஸ். பழனியப்பன் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. செக் செல்லுபடியாகும் காலத்துக்குள் இருந்தால் இரண்டாவது முறை திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடுக்கலாம். ஆனாலும் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக நாலு தடவை போடாதீர்கள். இரண்டாம் முறையும் பணக்குறைவு என்றே திரும்பினால், மூன்றாவது முறை போடுவதால் தண்டச் செலவுதான் ஏறும்.

ரிட்டர்ன் சார்ஜ் எவ்வளவு கேட்கலாம்? நாங்க ரவுண்டா 500 போட்டுடுவோம்.

உங்கள் வங்கி உங்கள் கணக்கில் பிடித்தது எவ்வளவோ, அதைக் கேளுங்கள். வங்கி ஸ்டேட்மென்டில் ரூ. 150-ம் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியாக ரூ. 27-ம் பிடித்திருந்தால் மொத்தம் 177. அந்த 27-ஐ நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்பவராக இருந்தால் அது உங்களுக்குச் செலவே இல்லை. அப்போது 150 கேட்பதுதான் நியாயம். ஸ்டேட்மென்டில் அந்த வரியைக் குறித்து ஒரு நகல் வைத்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். 500 கேட்டால், மீதி 350 எதற்கு என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. திரும்பினால் இவ்வளவு என்று ஆர்டர் படிவத்திலோ பில்லிலோ முன்பே அச்சிட்டு அவரும் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் அந்தத் தொகையைக் கேட்கலாம்.

ஒன்றைச் சரிபாருங்கள். வங்கியின் வாடிக்கையாளர் மேல் தவறு இருந்தால் மட்டுமே அவரிடம் ரிட்டர்ன் கட்டணம் பிடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. படம் தெளிவாக இல்லை என்பது போன்ற தொழில்நுட்பக் காரணத்துக்குத் திரும்பினால், வங்கியே அடுத்த கிளியரிங்கில், விடுமுறை நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், மறுபடி போட்டு உங்களுக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும். அப்படித் திரும்பிய செக்குக்கு, செக் கொடுத்தவரிடம் நீங்கள் ஒரு பைசா கேட்கக் கூடாது. வங்கி பிடித்திருந்தால் கிளையில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

நாங்க வாங்குற அந்த சார்ஜுக்கு ஜிஎஸ்டி பில் போடணுமா?

வேண்டியதில்லை. செக் திரும்பியதற்காக வாங்கும் தொகை எந்தச் சேவைக்கும் கொடுக்கும் விலை அல்ல, அதற்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்டில் மத்திய மறைமுக வரி வாரியம் 178-வது சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கடிதத்தில் ஒரு வரியும் லெட்ஜரில் ஒரு பற்றும் போதும்.

பழைய பாக்கி 13,400 இருக்கு. ஒரே கடிதத்துல சேர்த்துக் கேட்டா என்ன?

மேலே சொன்ன 62,500 அப்படித்தான் வந்தது. செக் 48,600, பழைய பாக்கி 13,400, சார்ஜ் 500. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் கேட்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: செக் தொகை தனியாக, அதே எண்ணில், கடிதத்தில் நிற்க வேண்டும்.

138-வது பிரிவு கேட்கச் சொல்வது "அந்தப் பணத்தை", அதாவது செக்கில் எழுதியிருக்கும் தொகையை. சுமன் சேத்தி வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. செக் தொகையைத் தனியாகவும் வட்டி, செலவு முதலியவற்றைத் தனியாகவும் குறிப்பிட்டுக் கேட்டால் நோட்டீஸ் செல்லும். எது செக் தொகை என்று தெரியாதபடி மொத்தமாகக் கேட்டால் செல்லாமல் போகலாம். ராகுல் பில்டர்ஸ் வழக்கில் 2007-ல், செக் தொகையை விட்டுவிட்டு மொத்தப் பாக்கியையும் கேட்ட நோட்டீஸ் செல்லாது என்றார்கள். 2025-ல் காவேரி பிளாஸ்டிக்ஸ் வழக்கில் இன்னும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: ஒரு கோடி ரூபாய் செக்குக்கு நோட்டீஸில் இரண்டு கோடி என்று இருந்தது, தட்டச்சுப் பிழை என்ற சமாதானம் எடுபடவில்லை.

முதல் கடிதம் வக்கீல் நோட்டீஸ் இல்லையே என்பீர்கள். சரிதான். ஆனால் முதல் கடிதத்தில் இருக்கும் எண்ணைத்தான் வக்கீல் ஆபீசிலும் எடுத்து எழுதுவார்கள். வாடிக்கையாளர் பக்கம் பார்த்தாலும், 48,600 என்று அவர் எழுதிக்கொடுத்த தொகையைப் பார்த்ததும் அவருக்குப் புரியும். 62,500 என்று பார்த்தால் முதலில் கணக்குச் சண்டைதான் வரும், பணம் வராது. பழைய பாக்கிக்குத் தனியாக ஒரு லெட்ஜர் நகல் அனுப்புங்கள், வேறொரு நாளில்.

முழுசா ஒரு கடிதம் எழுதிக் காட்டுங்களேன்.

அதே 62,500 கடிதத்தைத் திருத்தி எழுதியது இது. எண்கள் உதாரணத்துக்கு.

> பொருள்: செக் எண் 000412, ரூ. 48,600 திரும்பி வந்தது பற்றி
>
> மதிப்பிற்குரிய அண்ணாச்சிக்கு, வணக்கம்.
>
> எங்கள் பில் எண் 318-க்காக நீங்கள் ஜூன் 4 தேதியிட்டுக் கொடுத்த ரூ. 48,600-க்கான செக்கை ஜூன் 5 அன்று வங்கியில் போட்டோம். 'ஃபண்ட்ஸ் இன்சஃபிஷியன்ட்', அதாவது கணக்கில் போதிய பணம் இல்லை, என்ற காரணம் காட்டி வங்கி அதைத் திருப்பியுள்ளது. மெமோ ஜூன் 6 அன்று எங்களுக்குக் கிடைத்தது. நகல் இணைத்துள்ளோம்.
>
> ஜூன் 14-க்குள் ரூ. 48,600-ஐ எங்கள் கணக்குக்கு அனுப்பினால் அசல் செக்கைத் திருப்பித் தருகிறோம். அதே செக்கை மறுபடி போடலாம் என்றால் ஜூன் 14-க்குள் எழுத்தில் சொல்லுங்கள், ஜூன் 16 அன்று போடுகிறோம். உங்கள் பதில் வராமல் நாங்களாகப் போட மாட்டோம். அடுத்து என்ன என்பதைத் தனியாகத் தெரிவிப்போம்.
>
> செக் திரும்பியதற்காக எங்கள் வங்கி பிடித்த கட்டணம் ரூ. 150. இது செக் தொகையில் சேராது. தனியாகத் தந்தால் போதும். ஸ்டேட்மென்ட் நகல் இணைத்துள்ளோம்.
>
> வங்கி சொன்ன காரணம் தவறு என்று நினைத்தால் எங்களைக் கூப்பிடுங்கள்.

நாள் கணக்கைப் பாருங்கள். மெமோ கிடைத்தது ஜூன் 6, 30 நாள் ஜூலை 6-ல் முடிகிறது. ஜூன் 14 வரை பதில் வராவிட்டாலும் வக்கீலிடம் போக 22 நாள் கையில் இருக்கிறது. கெடுவை ஜூன் 30 என்று வைத்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும். சட்டம், போலீஸ், கோர்ட் என்ற சொல் எதுவும் இதில் இல்லை. பத்து வருடமாகச் சரக்கு எடுப்பவருக்கு முதல் கடிதத்தில் அது தேவையும் இல்லை.

இந்தக் கடிதமே 138 நோட்டீஸ் ஆயிடுமா? வக்கீல் நோட்டீஸ்தானே கணக்கு?

வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 30 நாளுக்குள் செக் தொகையை எழுத்தில் கேட்டிருந்தால், அதுவே நோட்டீஸ் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் உண்டு. அப்படிக் கொண்டால் அவருக்குக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவகாசம், அது முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். மேலே உள்ள கடிதம் ஜூன் 8-ல் கிடைத்தது என்றால் 15 நாள் ஜூன் 23-ல் முடியும். வக்கீல் நோட்டீஸை ஜூலை 3-ல் அனுப்பி அதிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தால், காலம் கடந்துவிட்டது என்ற வாதம் வரலாம்.

அதனால் வக்கீலிடம் போகும்போது முதல் கடிதத்தின் நகலையும் கொண்டுபோங்கள். முன் தேதியையும் பார்த்து அவர் நாளைக் கணக்கிடட்டும். செக் இன்னும் காலாவதியாகாமல் இருந்தால், எத்தனை தடவை போடலாம் என்ற கேள்விக்குச் சொன்னபடி மறுபடி போட்டுப் புது மெமோ வாங்கும் வழியும் இருக்கிறது.

கடிதம் கண்டதும் 20,000 ஜிபேல போட்டாரு. மீதிக்கு அதே செக்கைப் போட்டுடலாமா?

போடாதீர்கள். செக்கில் 48,600 இருக்கிறது, ஆனால் அவர் தர வேண்டியது இப்போது 28,600. 2022-ல் தஷ்ரத்பாய் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: பாதிப் பணம் வாங்கிய பிறகு, அதைச் செக்கின் மேல் எழுதிப் பதியாமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138 பொருந்தாது. மீதி 28,600-க்குப் புது செக் வாங்கிக்கொண்டு பழையதைத் திருப்பிக் கொடுப்பதுதான் சுத்தமான வழி. வந்த 20,000 செக்குக்கா, பழைய பாக்கிக்கா என்பதையும் அன்றே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். "ரூ. 20,000 பெற்றோம், செக் எண் 000412-க்கு வரவு வைத்தோம்" என்று ஒரு வரி போதும்.

வாட்ஸ்அப்ல அனுப்பினா போதாதா?

சீக்கிரம் போய்ச் சேர அதிலும் அனுப்புங்கள். ஆனால் தபாலில் ஒன்று போகட்டும், ஒப்புதல் சீட்டுடன், பில்லில் உள்ள சரியான முகவரிக்கு. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்று அலவி ஹாஜி வழக்கில் 2007-ல் தீர்ப்பு உண்டு. "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வந்தால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

பணம் வந்துடுச்சு. இனி ஏதாவது எழுதணுமா?

அசல் செக்கையும், "ரூ. 48,600 இந்தத் தேதியில் வந்தது, கட்டணம் ரூ. 150 வந்தது, செக் எண் 000412 சம்பந்தமாகப் பாக்கி எதுவும் இல்லை" என்ற இரண்டு வரிக் கடிதத்தையும் ஆளிடம் கொடுத்தனுப்புங்கள். திருப்பிக் கொடுத்த செக்கின் நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். லெட்ஜரில் அன்றே பதிந்துவிட்டால், அடுத்த லோடு சரக்கு கேட்டு அவர் வரும்போது இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக இருக்கும்.